ஆசையாய் எழுதியது ஏன் அதட்டலாகப் போய்ச் சேருகிறது?

‘நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். டேட்டிங் செயலி ஒன்றில் பழக்கமானவர் ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் கேட்டால் அவருக்கு விளங்கும், வாசிக்கத் தெரியாது. நான் தமிழில் எழுத, செயலியே அதை ஆங்கிலமாக்கி அவருக்குக் கொடுக்கிறது. அவர் எழுதுவது எனக்குத் தமிழில் வருகிறது. நான் ஆசையாய் எழுதினால் ‘ஏன் கோபம்?’ என்று கேட்கிறார். அவர் எழுதுவதோ எனக்குக் கந்தோர்க் கடிதம் மாதிரி இருக்கிறது. பிழை எங்கே? இதை நம்பிக் கதைக்கலாமா?’

எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யாருடன் என்பது போன்ற செய்திகளுக்கு அந்த மொழிபெயர்ப்பை ஓரளவு நம்பலாம். நீங்கள் அவருக்கு எவ்வளவு நெருக்கம், அவர் உங்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லும் எந்த வரிக்கும் அதை நம்ப முடியாது. தமிழில், அதிலும் யாழ்ப்பாணத் தமிழில், நெருக்கம் பெரும்பாலும் வினைமுற்றின் ஈற்றிலும் விளிச் சொல்லிலும் இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவி மிகக் கூடுதலாகத் தடுமாறுவதும் அந்த இரண்டு இடங்களில்தான். நான் பல ஆண்டுகளாக இரு மொழிகளுக்கும் இடையில் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன் என்பதால், இது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ‘நீர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம்மிடம் முன்னிலை மூன்று படிகளில் இருக்கிறது. சிறுவர்களையும் மிக நெருங்கியவர்களையும் ‘நீ’ என்கிறோம். மூத்தவர்களையும் அறிமுகமில்லாதவர்களையும் ‘நீங்கள்’ என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் மரியாதையும் உரிமையும் கலந்த ‘நீர்’ இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிட்ட இந்த நடுப்படி யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது, கணவன் மனைவிக்கு இடையிலும் ஒத்த வயதினருக்கு இடையிலும் இயல்பாகப் புழங்குகிறது. பழகத் தொடங்கிய ஒருவரை ‘நீங்கள்’ என்று எழுதிவந்த பெண் ஒருநாள் ‘நீர்’ என்று எழுதினால், அது அந்த உறவில் ஒரு நிகழ்ச்சி. எழுதியவருக்கும் அது தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘யூ’ என்ற ஒரே சொல்தான் இருப்பதால், நீங்கள் தயங்கித் தயங்கி எடுத்துவைத்த அந்த அடி அவருடைய திரையில் எந்தத் தடயமும் இல்லாமல் மறைந்துவிடுகிறது. அவர் அதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால், அதை அலட்சியம் என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்கு அது வந்து சேரவே இல்லை.

இது இழப்பு மட்டும்தான். இனிச் சொல்வது திரிபு, அதனால் கூடுதல் ஆபத்தானது. உங்கள் செய்திகளை நான் பார்க்கவில்லை. ஆகவே நம்மூரில் எவரும் வேலை முடிந்து வந்து கைப்பேசியில் எழுதக்கூடிய ஒரு செய்தியை நானே அமைத்துக்கொள்கிறேன்:

‘ஓம், இப்பதான் வந்தனான். உம்மைத்தான் நினைச்சனான். உமக்கு விசரே, இவ்வளவு நேரமாச் சாப்பிடாமல் இருக்கிறீர்? நேரத்துக்குச் சாப்பிடும். இஞ்ச பாரும், நீர் இல்லாமல் எனக்குப் பொழுது போகுதில்லையப்பா.’

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவரும் இதை வாசித்தால், இது கரிசனை நிறைந்த, உரிமையோடு கடிந்துகொள்ளும், கடைசியில் மனதைத் திறந்து சொல்லும் செய்தி என்பதை உடனே உணர்வார். கருவி இதை ஆங்கிலமாக்கினால், மிக மோசமான நிலையில் மறுமுனையில் இருப்பவர் ஏறத்தாழ இந்தப் பொருளை வாசிப்பார்: ‘ஓம் என்னும் மந்திரம். அவன் இப்போதுதான் வந்தான். அவன் உன்னை நினைத்தான். உனக்குப் பைத்தியமா, இவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருக்கிறாய்? அது நேரத்துக்கு உண்ணும். இந்தா பார், தண்ணீர் இல்லாமல் எனக்கு நேரம் போகவில்லை, தந்தையே.’ எல்லாப் பிழைகளும் ஒரே செய்தியில் சேர்ந்து வரும் என்று நான் சொல்லவில்லை. கருவிக்குக் கருவி வேறுபடும். அதே கருவியிலும் ஒரு சொல்லை மாற்றினால் விளைவு மாறும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தெளிவான காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் தெரிந்தால் எங்கே வழுக்கும் என்பதை எழுதும்போதே நீங்கள் கண்டுகொள்ளலாம்.

‘வந்தனான்’ என்பதில் தொடங்குகிறேன். நாம் ‘நான் வந்தனான், நீர் வந்தனீர், நீங்கள் வந்தனீங்கள்’ என்கிறோம். ‘-னான்’ என்று முடியும் தன்மை வடிவம் ஈழத்துப் பேச்சுக்கு உரியது. பொதுத் தமிழில் ‘-ஆன்’ என்று முடிவது படர்க்கை ஆண்பால்: வந்தான், நினைத்தான். பொதுத் தமிழை மட்டும் நிறைய வாசித்துப் பழகிய கருவி ‘நினைச்சனான்’ என்பதைப் பார்க்கும்போது, தனக்குத் தெரிந்த ‘நினைச்சான்’ என்பதன் எழுத்துப்பிழை என்றே அதை எடுத்துக்கொள்ள வாய்ப்பு மிகுதி. நீங்களோ ‘நான்’ என்ற எழுவாயை எழுதவில்லை. தமிழில் அது தேவையும் இல்லை. ஆங்கில வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்காது என்பதால், கருவி ஏதோ ஒருவரை அங்கே நிறுத்தியாக வேண்டும், அது ‘அவனை’ நிறுத்திவிடுகிறது. இப்போது உங்கள் நண்பரின் நிலையை எண்ணிப் பாருங்கள். நீங்கள் ‘உம்மைத்தான் நினைச்சனான்’ என்று எழுதிய இடத்தில், யாரோ ஓர் ஆண் வீட்டுக்கு வந்ததாகவும் அவன் தன்னைப்பற்றி நினைத்ததாகவும் அவர் வாசிக்கிறார். அவருடைய அடுத்த கேள்வியில் ஒரு சந்தேகத்தின் சாயல் இருந்தால் அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ‘வாறன்’ என்றால் நான் வருகிறேன். ‘வாறான்’ என்றால் அவன் வருகிறான். இடையில் இருப்பது ஒரு நெடில் மட்டுமே. `vaaran` என்று தட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. `sonnan` என்பதும் அப்படித்தான்: நான் சொன்னதா, அவன் சொன்னதா என்பது எழுத்தில் இல்லை. தமிழ் எழுத்திலேயே எழுதுவது இந்த ஒரு காரணத்துக்காகவே நல்லது.

அடுத்தது ‘சாப்பிடும்’. ‘நீர்’ என்ற படிக்குரிய ஏவல் வினை நம்மிடம் ‘-உம்’ என்று முடிகிறது: சொல்லும், எழுதும், அனுப்பும், சாப்பிடும். இதே வடிவம் பொதுத் தமிழில் அஃறிணை எதிர்கால வினைமுற்றும் ஆகும்: மாடு புல்லைச் சாப்பிடும், கருவி செய்தியை அனுப்பும். கருவி வாசித்த தமிழில் இரண்டாவது பயன்பாடு எங்கும் நிறைந்திருக்கிறது. முதலாவது மிக அரிது. ஆகவே நீங்கள் எழுதக்கூடிய மிக மென்மையான கட்டளை, அதாவது ‘சாப்பிடு’ என்பதன் அதிகாரமும் ‘சாப்பிடுங்கள்’ என்பதன் தூரமும் இல்லாத அந்த ஏவல், ஒரு விலங்கையோ பொருளையோ பற்றிய தகவலாக மாறிவிடுகிறது. ‘படம் அனுப்பும்’ என்று கேட்டால் ‘படம் அனுப்பப்படும்’ என்ற பொருளில் போய், அவர் காத்துக்கொண்டிருக்கவும் கூடும். கேட்டவர் நீங்கள், அனுப்பவேண்டியவர் அவர் என்பதே தலைகீழாகிவிடுகிறது.

‘நீர்’ தண்ணீராவதும் இதே வகைதான். ஆனால் இதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் இருக்கிறது. ‘நீர் எப்பிடி இருக்கிறீர்?’ என்று எழுதினால் ‘இருக்கிறீர்’ என்ற முற்று, இது முன்னிலை என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்; கருவி பெரும்பாலும் தப்பிக்கும். ‘நீர் இல்லாமல்’, ‘நீர் வந்தால் சந்தோசம்’ போன்ற இடங்களில் வினை எச்சமாக இருப்பதால் அந்தத் துணை கிடைப்பதில்லை. தண்ணீர் இல்லாமல் இருப்பதும் தண்ணீர் வந்தால் மகிழ்வதும் செய்தித்தாளில் நாளும் வரும் வாக்கியங்கள். கருவிக்கு அவையே இயல்பாகத் தெரியும்.

‘ஏன் கோபம்?’ என்ற அவருடைய கேள்விக்கு மிக நேரான விடை ‘இஞ்ச பாரும்’ என்பதிலும் ‘உமக்கு விசரே’ என்பதிலும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் ‘இஞ்ச பாருங்கோ’, ‘இஞ்சேருங்கோ’ என்பது பெயர் சொல்லி அழைக்கத் தயங்கும் மனைவி கணவனை விளிக்கும் சொல். அதற்குள் ஒரு குடும்பத்தின் முழு நெருக்கமும் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் வரும் ‘லுக் ஹியர்’ என்பதோ, ஆங்கிலத்தில் ஒருவரைக் கண்டிக்கப் புறப்படுபவர் தொடங்கும் விதம். மொழிபெயர்ப்பில் சொற்பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அவருடைய திரையில் நீங்கள் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். ‘விசர்’ என்பதும் அப்படியே. தெருவில் அந்நியரைப் பார்த்து அதைச் சொன்னால் வசை. உரிமையுள்ளவரிடம், ‘-ஏ’ என்ற வினா ஈற்றோடும் ‘உமக்கு’ என்ற நடுப்படியோடும் சொன்னால் செல்லக் கண்டிப்பு. அதைச் செல்லமாக்குவது அந்த ஈறும் அந்தப் படியும்தான்; இரண்டும் ஆங்கிலத்துக்குள் போகாதவை. எஞ்சுவது பைத்தியம் என்ற வெறுஞ்சொல்.

கடைசியில் நிற்கும் ‘அப்பா’வைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ‘என்னப்பா’, ‘சும்மா இருமப்பா’, ‘ஓமப்பா’ என்று நாம் சேர்க்கும் அந்த அப்பா யாருடைய தந்தையும் இல்லை. மனைவி கணவனிடமும் கணவன் மனைவியிடமும் சொல்லும் அந்தச் சொல், எரிச்சலைக்கூட இளக்கிவிடும் ஒட்டு. செயலிக்குள் அது ‘டாட்’ என்றோ ‘ஃபாதர்’ என்றோ தோன்றினால், தன்னைக் காதலிப்பவர் தன்னைத் தந்தை என்று அழைப்பதாக அவர் வாசிப்பார். சொல்லோடு ஒட்டி எழுதினால் கருவி சில வேளைகளில் அதை விட்டுவிடும். தனிச் சொல்லாகப் பிரித்து எழுதினால் பெரும்பாலும் தந்தையாக்கிவிடும்.

‘வடிவு’ என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புகைப்படம் பரிமாறும் இடத்தில் அது கட்டாயம் வரும். ‘நல்ல வடிவாய் இருக்கிறீர்’ என்று நாம் சொல்வது அழகைப் பற்றி. பொதுத் தமிழில் வடிவு என்பதன் முதற்பொருள் உருவம். ஆகவே அது உடற்பயிற்சி செய்து கட்டுக்கோப்பாக இருப்பதாகப் பாராட்டும் வாக்கியமாக மாறக்கூடும். கெடுதல் இல்லைதான், ஆனால் நீங்கள் சொன்னது அதுவல்ல.

செல்லப் பெயர்களில் ‘செல்லம்’, ‘தங்கம்’, ‘ராசா’ ஆகியவை ஓரளவு பிழைத்துக்கொள்கின்றன, ஏனென்றால் இவை தமிழ்நாட்டுத் திரைப்பாடல்களிலும் உரையாடல்களிலும் நிறைய வருகின்றன. ஆனாலும் தங்கம் உலோகமாகவும் ராசா மன்னனாகவும் போவது நடக்கும். நம் ‘குஞ்சு’ இன்னும் சிக்கலானது. பறவைக் குஞ்சு என்று போனால் அவர் சிரிப்பார், அவ்வளவுதான். தமிழ்நாட்டு வழக்கில் அதற்கு ஒரு கொச்சைப் பொருளும் இருப்பதால், அந்தப் பக்கம் போனால் நிலைமை சங்கடமாகும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள காரணம் ஒன்றுதான். கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவை தமிழை 2011-இல் சேர்த்தது. 2017-இல் நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாற்றியது. அன்றிலிருந்து வாக்கியங்கள் ஒழுங்காகிவிட்டன. ஆனால் அத்தகைய கருவிகள் எந்தத் தமிழிலிருந்து கற்கின்றன என்பதே நம் சிக்கல். செய்திகள், கலைக்களஞ்சியக் கட்டுரைகள், அரச ஆவணங்கள், திருமறை மொழிபெயர்ப்பு, திரைப்பட வசனம் போன்ற இணையத்தில் கிடைக்கும் எழுத்திலிருந்தே அவை கற்கின்றன. அதில் இந்தியத் தமிழே மிகப்பெரும் பங்கு. யாழ்ப்பாணத்துப் பேச்சு எழுத்தாக அங்கே மிகக் குறைவு. மெட்டா நிறுவனம் 2022-இல் வெளியிட்ட, இருநூறு மொழிகளுக்கு இடையில் மொழிபெயர்க்கும் கணினி மாதிரியில் அரபு மொழி எகிப்து, மொரோக்கோ, ஈராக் என்று வட்டார வழக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தமிழோ `tam_Taml` என்ற ஒரே குறியீட்டில் அடங்கிவிடுகிறது. கூகுளின் சேவையிலும் `ta` என்ற ஒன்றுதான். ‘இது யாழ்ப்பாணத் தமிழ், அப்படியே வாசி’ என்று சொல்வதற்கு உங்களுக்கு அங்கே இடமே வைக்கப்படவில்லை. இதை ஒரு சிறிய குறையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. புலம்பெயர்ந்து உலகெங்கும் பரவிய ஒரு சமூகத்தின் பேச்சுமொழி, அதன் பிள்ளைகளோடு அது பேசவேண்டிய இடத்திலேயே எழுத்துப்பிழையாகக் கருதப்படுகிறது.

இனி அவருடைய பக்கம். கந்தோர்க் கடிதம் மாதிரி என்று நீங்கள் சொன்னது மிகச் சரியான விவரிப்பு. அவர் ஆங்கிலத்தில் எழுதியது இப்படி இருக்கலாம்: ‘ஹே பேப், மிஸ் யூ. தாங்ஸ் ஃபோர் லிசனிங் லாஸ்ட் நைட். வுட் லவ் டு சீ யூ. குட் யூ ப்ளீஸ் கோல் மீ வென் யூ ஆர் ஃப்ரீ?’ அவருடைய வயதினர் நெருக்கமானவருக்கு எழுதும் இலேசான, இதமான வரிகள் இவை. உங்களுக்கு வந்து சேரக்கூடியது இது: ‘ஏய் குழந்தை, உன்னை இழக்கிறேன். நேற்று இரவு கேட்டதற்கு நன்றி. நான் உங்களைப் பார்க்க விரும்புகிறேன். நீங்கள் ஓய்வாக இருக்கும்போது தயவுசெய்து என்னை அழைக்க முடியுமா?’

வணக்கம் போன்ற ‘ஹே’ இங்கே அதட்டலான ‘ஏய்’ ஆகிவிட்டது. ‘மிஸ் யூ’ என்பதற்கு நாம் ‘உம்மைத் தேடுது’ என்போம். ‘இழக்கிறேன்’ என்றால் உறவு முறியப்போகிறது என்று மனம் திடுக்கிடும். ‘கேட்டதற்கு நன்றி’ என்பதில் அவர் சொன்னதை நீங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கா, நீங்கள் ஏதோ கேள்வி கேட்டதற்கா என்பது தெரியவில்லை, ஏனென்றால் தமிழில் இரண்டுக்கும் ‘கேள்’ என்ற ஒரே வினைதான். இன்னும் ஆழமான வேறுபாடு, நெருங்கியவர்களுக்கு இடையில் நாம் நன்றியும் தயவுசெய்தும் சொல்வதில்லை என்பது. ஆங்கிலத்தில் காதலர்களுக்கு இடையிலும் ‘ப்ளீஸ்’, ‘தாங்ஸ்’ இயல்பானவை, இல்லாவிட்டால்தான் முரட்டுத்தனம். அவை தமிழில் வந்து விழுந்ததும் விண்ணப்பக் கடிதத்தின் வாசனை வந்துவிடுகிறது. அவர் உங்களிடம் தூரம் காட்டவில்லை. அவருடைய மொழியில் அது மரியாதையான நெருக்கம்.

அந்த எடுத்துக்காட்டில் ‘உன்னை’ என்று தொடங்கி ‘உங்களை’ என்று மாறியதைக் கவனித்திருப்பீர்கள். இது உண்மையிலேயே நடக்கும். பல செயலிகள் ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகவே மொழிபெயர்ப்புக்கு அனுப்புகின்றன; முந்திய செய்தியில் எந்தப் படியைத் தேர்ந்தது என்பது அடுத்த செய்தியை மொழிபெயர்க்கும்போது கருவிக்குத் தெரியாது. ‘ஐ லவ் யூ’ போன்ற வரி பாடல்களில் ‘உன்னை’ என்றே வருவதால் அங்கே ‘நீ’ வரும். கேள்வியோ வேண்டுகோளோ வந்தால் ‘நீங்கள்’ வரும். ‘நீர்’ வருவதற்கு ஏறத்தாழ வழியே இல்லை. வாசிக்கும் நமக்கோ, படி மாறினால் மனம் மாறியதாகத் தோன்றும்: நேற்று ‘நீ’ என்று உரிமை எடுத்தவர் இன்று ‘நீங்கள்’ என்று விலகிவிட்டாரே என்று வருந்துவோம். உங்களுக்கு வரும் தமிழில் உள்ள நீ, நீங்கள் வேறுபாட்டை முழுவதுமாகப் புறக்கணியுங்கள். அது அவர் எழுதியது அல்ல.

விருப்பம் பற்றிய வரிகளில் இரண்டு மொழிகளின் அளவுகோலே வேறு. ‘எனக்கு உங்களில விருப்பம்’ என்று யாழ்ப்பாணத்துப் பெண் எழுதினால் அது ஏறத்தாழ முழு வாக்குமூலம். பலர் அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் அது ‘ஐ லைக் யூ’ என்று போனால், ஓரிரு வாரப் பழக்கத்தில் எவரும் சொல்லக்கூடிய இலேசான வரியாகிவிடும். மறுபக்கம், அவர் ‘வுட் லவ் டு’, ‘லவ் தட்’, ‘ஐ லைக் யூ’ என்று போகிறபோக்கில் எழுதுவது, ‘விரும்புகிறேன்’, ‘நேசிக்கிறேன்’ என்று கனத்த சொற்களாக உங்களிடம் வரும். ஆக, நீங்கள் சொல்வது குறைந்து போகிறது, அவர் சொல்வது கூடி வருகிறது. இருவரில் ஒருவர் மற்றவரைவிட அவசரப்படுவதாகவோ தயங்குவதாகவோ தோன்றினால், முதலில் இந்த அளவுகோல் வேறுபாட்டைச் சந்தேகியுங்கள்.

பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆங்கிலத்தில் வந்ததை மீண்டும் தமிழாக்கிப் பார்க்கச் சொல்வார்கள். அது பாதிதான் உதவும். ‘சாப்பிடும்’ என்பது ‘அது சாப்பிடும்’ என்று திரும்பி வந்தால் உடனே தெரிந்துவிடும். தண்ணீரும் தந்தையும் அப்படியே பிடிபடுவார்கள். ஆனால் ‘உமக்கு விசரே’ என்பது ‘உனக்குப் பைத்தியமா’ என்று திரும்பி வரும்போது, பரவாயில்லை, சரியாகத்தான் போயிருக்கிறது என்றே உங்களுக்குத் தோன்றும். பொருட்பிழை திரும்பும் வழியில் தெரியும், தொனிப்பிழை தெரியாது. அதைவிட நல்ல வழி, அவருடைய திரையில் தெரிந்த ஆங்கிலத்தையே படம் பிடித்து அனுப்பச் சொல்வது. பாடசாலையில் படித்த ஆங்கிலம் அதை வாசிக்கப் போதும். அவருடைய செய்திகளையும் செயலியில் மூல வடிவத்தைத் திறந்து முதலில் ஆங்கிலத்தில் வாசியுங்கள்; விளங்காத சொல்லுக்கு மட்டும் தமிழைப் பாருங்கள். தானாக மொழிபெயர்க்கும் அமைப்பை நிறுத்தி, வேண்டும்போது மட்டும் மொழிபெயர்க்கும் வசதி இருந்தால் அப்படி மாற்றிவிடுங்கள்.

எழுதும்போது செய்யக்கூடியதும் உண்டு. மேலே சொன்ன அதே செய்தியைக் கருவி தாங்கும் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: ‘ஆம், நான் இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இவ்வளவு நேரமாகச் சாப்பிடாமல் இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் இல்லாமல் எனக்குப் பொழுது போகவில்லை, `kunju`.’ ‘நேரத்துக்குச் சாப்பிடுங்கள்’ என்ற ஏவலைத் தவிர ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் இருக்கிறது. தன்மை வினை ‘-ஏன்’ என்று முடிகிறது. கடிந்துகொண்டதற்குள் மறைந்திருந்த கவலையை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் மறைவாக இருந்தால் அது போய்ச் சேராது. செல்லச் சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் விட்டதற்குக் காரணம், தமிழ் வாக்கியத்துக்குள் வரும் ஆங்கில எழுத்துச் சொல்லைக் கருவி பெரும்பாலும் ஒரு பெயர்போலத் தொடாமல் அப்படியே கடத்திவிடும் என்பதுதான். அதன் பொருளை ஒருமுறை அவருக்குச் சொல்லிவைத்தால் போதும். அதன்பிறகு அது உங்கள் இருவருக்கும் உரிய சொல்.

இப்படி ‘நீங்கள்’ என்று எழுதுவது மனதுக்கு ஒட்டவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், அது நியாயமே. அவருடைய பக்கத்தில் எதுவும் குறையாது, எப்படியும் ‘யூ’ என்றுதான் போகும். உங்கள் பக்கத்தில்தான் குறைகிறது. அதற்கு உங்கள் கேள்வியிலேயே ஒரு விடை இருக்கிறது. அவருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும் என்கிறீர்கள். புலம்பெயர் வீடுகளில் வளர்ந்த பலருக்கும் அப்படித்தான்: எழுத்துத் தெரியாது, ஆனால் தாயும் அம்மம்மாவும் பேசிய யாழ்ப்பாணத் தமிழ் காதுக்குப் பழக்கம். கருவிக்குத் தெரியாத ‘இஞ்ச பாரும்’ என்பது அவருக்கு வீட்டில் கேட்டுக் கேட்டுத் தெரிந்திருக்கக்கூடும். ஆகவே நேரம், இடம், அன்றாட விடயங்கள் ஆகியவற்றை எழுத்தில் பொதுத் தமிழில் அனுப்பிவிட்டு, உரிமையும் செல்லமும் உள்ள வரிகளைக் குரற்செய்தியாக அனுப்புங்கள். குரலைத் தானாக எழுத்தாக்கிக் காட்டும் வசதி செயலியில் இருந்தால் அதை நம்பவேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அந்த எழுத்தும் பொதுத் தமிழைத்தான் எதிர்பார்க்கும்.

‘வீட்டில கேக்கோணும்’ போன்ற வரிகளை எந்த வடிவத்திலும் கருவியிடம் விடாதீர்கள். நம்மிடம் அது, இந்த உறவை நான் விளையாட்டாக எடுக்கவில்லை, பெற்றோரிடம் கொண்டுபோகும் அளவுக்கு வந்துவிட்டேன் என்பதன் அறிகுறி. ஆங்கிலத்தில் அது வளர்ந்த ஒருவர் அனுமதிக்குக் காத்திருப்பதாகவே ஒலிக்கும், அவர் பின்வாங்கவும் கூடும். ‘பாப்பம்’ என்று நீங்கள் மென்மையாக மறுத்ததை அவர் சம்மதத்தின் தொடக்கமாகவும் எடுக்கலாம். திருமணம், குடும்பம், வருகை, மறுப்பு ஆகியவை வரும்போது அழைத்துப் பேசுங்கள். முடியாவிட்டால், உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையோடு என்றாலும், நீங்களே எழுதுங்கள். அந்தப் பிழைகளை அவர் கண்டுகொள்வார், விளங்காவிட்டால் திருப்பிக் கேட்பார். கருவி எழுதும் ஆங்கிலம் இலக்கணம் வழுவாமல் வருவதால், அதில் கேட்க ஏதோ இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றாது.